மருத்துவ விடுப்பு தீர்ந்த பிறகு சம்பளம் யார் தருவது?

கேள்வி: "எனக்கு வயது 36. ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 18,300 ரூபாய். ஞாயிறு மட்டும் விடுமுறை. மார்ச் 3, திங்கட்கிழமை, முதுகுத்தண்டில் டிஸ்க் விலகிக் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். மே 1 வரை ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆபீசில் கொடுத்த 12 நாள் மெடிக்கல் லீவ் மார்ச் 15 அன்று முடிந்துவிட்டது. மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தும், மார்ச் சம்பளத்தில் 15 நாள் லாஸ் ஆஃப் பே என்று 10,558 ரூபாய் பிடித்துவிட்டார்கள். சர்டிபிகேட் கொடுத்தால் சம்பளம் தரத்தானே வேண்டும்? மாதாமாதம் இஎஸ்ஐ என்று 138 ரூபாய் பிடிக்கிறார்கள். 'அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும்தான்' என்கிறார் ஹெச்.ஆர். ஒன்பது நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் இருக்கிறது. ஆண்டுக் கணக்கை வீட்டிலிருந்தே முடித்துத் தரச் சொல்கிறார்கள். 'ஏப்ரலுக்குள் வர முடியாவிட்டால் ராஜினாமா கொடுத்துவிடுங்கள், உடம்பு சரியானதும் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம்' என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழக்கறிஞர் பதில்:

சகோதரி, உங்கள் கடிதம் ஏப்ரல் 1 அன்று வந்தது. அன்று மாலையே, மறுநாள் காலை எப்படியாவது உங்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போய்விடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று அப்போது விளக்க நேரமில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் ஏப்ரல் 2 அன்று போனீர்கள் என்ற கணக்கிலேயே எழுதுகிறேன்.

சர்டிபிகேட்டின் வேலை என்ன?

டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் சம்பளம் வந்தாக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சர்டிபிகேட் அப்படிப் பணம் வாங்கித் தராது. நீங்கள் வராமல் இருந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. சொல்லாமல் நின்றுவிட்டார் என்று நிர்வாகம் நடவடிக்கை எடுக்க முடியாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. சம்பளம் வருமா என்பது, அந்த நாளுக்கு உங்கள் கணக்கில் ஏதாவது விடுப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி உங்களைப் போன்ற ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு, ஆண்டு விடுப்பு எல்லாம் தனிக்கணக்கு. உங்கள் நிறுவனம் அந்த 12 நாளைக் கொடுத்துவிட்டது. அதற்கு மேலும் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு கொடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த இந்தச் சட்டத்தில் வழியில்லை. உங்கள் பணி ஒப்பந்தத்திலோ நிறுவன விதிகளிலோ கூடுதலாக இருந்தால் அது வேறு. ஆகவே 17ஆம் தேதி முதல் சம்பளமில்லா விடுப்பு என்று போட்டது தவறில்லை. எவ்வளவு பிடித்தார்கள் என்பதில்தான் தவறு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கிறதா பாருங்கள். "இரண்டு மாத ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையுமாக எத்தனையோ சான்றுகளைப் பார்த்திருக்கிறேன். நாள் குறிப்பிடாத சான்றை வைத்து எந்த நாளையும் நிரூபிக்க முடியாது. நோயின் பெயர், ஓய்வு தொடங்கும் தேதி, முடியும் தேதி, டாக்டரின் பதிவு எண், உங்கள் கையெழுத்து, உங்கள் அங்க அடையாளம் ஒன்று, இவ்வளவும் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, தான் தரும் சான்றுகளுக்கு டாக்டர் பதிவேடு வைத்து, நகலும் வைத்திருக்க வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் அந்தப் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். அதனால் விடுபட்ட நாளுக்கு முன்தேதி போட்டு ஒரு சான்று வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நிஜமான நோய்க்குப் பொய்யான தாள் சேர்ந்தால், நிஜத்தையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

அந்த 138 ரூபாய்

ஹெச்.ஆர். சொன்னது பாதி உண்மை. இஎஸ்ஐ வைத்தியத்துக்கும்தான், சம்பளம் நின்றுபோன நாட்களுக்கும்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வருகிறார்கள். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உங்கள் 18,300-க்கு 0.75 சதவீதம் 137 ரூபாய் 25 காசு. அதை மேல்நோக்கி முழுமையாக்கினால் 138. பே ஸ்லிப்பில் அந்த வரியைப் பார்த்ததுமே நீங்கள் காப்பீட்டுக்குள் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவேளை உங்களிடம் பிடித்துவிட்டு நிறுவனம் இஎஸ்ஐ-க்குக் கட்டாமல் விட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். முதலாளி செய்த தவறால் உங்கள் உரிமை போய்விடாது. அதை அவர்கள் முதலாளியிடம் வசூல் செய்துகொள்வார்கள்.

இதில் உங்களுக்கு வேண்டியது நோய்க்காலப் பணப்பயன். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, உங்கள் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், அடுத்தடுத்த இரண்டு பயன் காலங்களில், அதாவது ஓர் ஆண்டில், 91 நாள் வரை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும். தகுதி பார்ப்பது இப்படி: உங்களுக்கு நோய் வந்தது ஜனவரி முதல் ஜூன் வரையிலான அரையாண்டில். அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் நான்கு ஆண்டாக இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

தொகையும் அதே ஆறு மாதத்திலிருந்துதான் வருகிறது. அப்போதும் சம்பளம் 18,300-ஆகவே இருந்தது என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 1,09,800 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள். வகுத்தால் நாளுக்கு 600 ரூபாய். அதில் 70 சதவீதம் 420. இடையில் சம்பள உயர்வு வந்திருந்தால், பழைய சம்பளத்தின்படிதான் வரும். பலர் இதைப் பார்த்துவிட்டு ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள், அப்படியில்லை.

ஏன் மறுநாளே போகச் சொன்னேன்

இஎஸ்ஐ பணம் தருவது அவர்களுடைய டாக்டர் தரும் சான்றை வைத்து. தனியார் மருத்துவமனைக் கடிதம் எவ்வளவு பெரிய டாக்டருடையதாக இருந்தாலும் தானாகச் செல்லாது. உங்கள் இஎஸ்ஐ அட்டையில் எந்த மருந்தகம் என்று போட்டிருக்கும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு துணைக்கு ஒருவரோடு போக வேண்டும். டாக்டர் பார்த்து முதல் சான்று தருவார். அப்புறம் அவர் சொல்லும் தேதியில் திரும்பப் போனால் இடைக்காலச் சான்று. வேலைக்குத் தகுதி என்று அவர் முடிவு செய்யும்போது இறுதிச் சான்று. ஒரு சான்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒருநாள் விட்டுப்போனாலும் அந்த நாளுக்குப் பணம் நிற்கும். உங்களைப் போல நீண்ட ஓய்வு தேவைப்படுகிறவருக்கு, வாராவாரம் அலையாமல் நான்கு வாரம் வரைக்குச் சிறப்பு இடைக்காலச் சான்று தரவும் விதியில் இடம் இருக்கிறது. உட்கார முடியாத நிலையைச் சொல்லி, அது முடியுமா என்று கேளுங்கள். வாங்கிய சான்றையும் கோரிக்கைப் படிவத்தையும் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் தாமதிக்காமல் கொடுத்தால், பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு நோய்க்காலத்தின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, காத்திருப்பு நாட்கள். ஏப்ரல் 2 முதல் மே 1 வரை 30 நாள். இரண்டைக் கழித்தால் 28. நாளுக்கு 420 வீதம் 11,760 ரூபாய். லீவ் தீர்ந்த மறுநாள், மார்ச் 17 திங்கட்கிழமையே போயிருந்தால் 46 நாளில் இரண்டு போக 44 நாள், 18,480 ரூபாய். நடுவில் போன 6,720 ரூபாய் இஎஸ்ஐ பற்றி யாரும் சொல்லாததால் போனது. நோய்க்கு எவ்வளவு என்று கேட்கிறவர்கள் நிறைய. எந்தத் தேதியிலிருந்து என்று கேட்கிறவர் குறைவு.

போன நாட்களை முழுக்கக் கைவிடவும் வேண்டாம். இஎஸ்ஐ டாக்டரின் சான்று இல்லாத நாட்களுக்கு, வேறு மருத்துவ ஆதாரங்களைப் பரிசீலித்து ஏற்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அது அவர்கள் முடிவு, நம் உரிமை இல்லை. ஆனால் திடீரென்று நடக்க முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்தவர் என்பதால் உங்கள் பக்கம் நியாயமான காரணம் இருக்கிறது. ஏன் அப்போது வர முடியவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, மருத்துவமனைத் தாள்களின் நகலை இணைத்துக் கிளை அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாள் ஈட்டிய விடுப்பை எங்கே போடுவது?

சம்பளத்துடன் விடுப்பில் இருந்த நாளுக்கு இஎஸ்ஐ பணம் கிடையாது. ஒரு நாளுக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. ஆகவே நோயில் கழிந்த ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கணக்கில்தான் நிற்கும்: சம்பளத்துடன் விடுப்பு, இஎஸ்ஐ, அல்லது சம்பளமில்லா நாள். இஎஸ்ஐ எப்படியும் பணம் தரப்போகிற ஏப்ரல் நாட்களில் ஈட்டிய விடுப்பைப் போட்டால், 420 ரூபாய் தானாக வரவேண்டிய இடத்தில் உங்கள் சேமிப்பிலிருந்து எடுத்து 600 வாங்குகிறீர்கள். உண்மையான ஆதாயம் 180 ரூபாய்தான். இஎஸ்ஐ தராத நாளில் போட்டால் முழுச் சம்பளமும் ஆதாயம்.

உங்களுக்கு அப்படிப்பட்ட நாட்கள் மார்ச் 17 முதல் ஏப்ரல் 3 வரை. ஒன்பது வேலை நாள் என்றால் 17 முதல் 26 வரை சரியாக வரும். நடுவில் 23ஆம் தேதி ஞாயிறும் சேர்த்துப் பத்து நாள் சம்பளம், ஏறக்குறைய 5,900 ரூபாய் திரும்பக் கிடைக்கும். இதைப் பின்தேதியிட்டு மாற்றித் தர நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அடுத்த மாதச் சம்பளம் போடுவதற்குள் கேட்டால் மாற்றித் தரும். நோய்க்கால ஆதாரத்தை இஎஸ்ஐ ஏற்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் விடுப்பைச் சேமித்து வைக்கலாம். ஆனால் அது அவர்கள் கையில் இருக்கிறது, விடுப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஏப்ரலில் சம்பளமே வராத வீட்டுக்கு, நிச்சயமான 5,900-ஐ முதலில் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். மாற்று ஆதாரக் கோரிக்கையை 27ஆம் தேதியிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். 17 முதல் 26 வரைக்கும் சேர்த்துக் கேட்டுவிடாதீர்கள். இஎஸ்ஐ-காரர்கள் நிறுவனத்துக்கு எழுதி, நீங்கள் உண்மையில் வராமல் இருந்தீர்களா, சம்பளம் கொடுத்தீர்களா என்று சரிபார்ப்பது வழக்கம். ஒரே நாள் இரண்டு பக்கமும் இருந்தால் முழுக் கோரிக்கையும் சிக்கலாகும்.

10,558 ரூபாய் எப்படி வந்தது?

இந்தத் தொகையைப் பார்த்ததும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 18,300-ஐ 26-ஆல் வகுத்தால் 703 ரூபாய் 85 காசு. அதை 15-ஆல் பெருக்கினால் 10,558. அதாவது ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்கும்போது ஞாயிறுகளை விட்டுவிட்டு மாதத்துக்கு 26 நாள் என்று வைத்திருக்கிறார்கள். பிடிக்கும்போது மட்டும் 23, 30 ஆகிய இரண்டு ஞாயிறையும் சேர்த்து 15 நாள் என்று பிடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. 26-ஆல் வகுத்தால் வேலை நாட்கள் 13-க்குத்தான் பிடிக்க வேண்டும்: 9,150 ரூபாய். ஞாயிறையும் சேர்த்து 15 நாளுக்குப் பிடித்தால் மார்ச்சின் 31 நாளால் வகுக்க வேண்டும்: 8,855 ரூபாய். இரண்டில் எது நிறுவனத்தின் வழக்கமோ அது சரி. கலந்தது சரியில்லை. குறைந்தது 1,408 ரூபாய் உங்களிடம் அதிகமாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஒருவேளை ஹெச்.ஆர். வாதாடினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மார்ச் முழுக்க நான் வராமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கில் எவ்வளவு பிடிப்பீர்கள்? 703.85-ஐ 31-ஆல் பெருக்கினால் 21,819 வரும். வாங்குகிற சம்பளத்தைவிட அதிகம். வேலைக்கு வராததற்குப் பிடிக்கும் தொகை, வராத காலத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஊதியச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இதை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவது உங்களுக்குக் கஷ்டமில்லை. அநேகமாக இது மோசடியாக இருக்காது, சம்பள மென்பொருளில் யாரோ தவறாக வைத்த அமைப்பு. அப்படியானால் லாஸ் ஆஃப் பே போன மற்றவர்களுக்கும் அதே தவறு நடந்திருக்கும். ஈட்டிய விடுப்பை மார்ச்சில் போடச் சொல்லும்போதே இதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும்: "மார்ச் 17 முதல் 26 வரை என் கணக்கிலுள்ள ஒன்பது நாள் ஈட்டிய விடுப்பைச் சேர்த்துக்கொள்ளவும். மீதமுள்ள சம்பளமில்லா நாட்களுக்கான பிடித்தத்தை 31 நாளால் வகுத்து, அல்லது 26-ஆல் வகுத்தால் வேலை நாட்களுக்கு மட்டும், கணக்கிட்டு வித்தியாசத்தை ஏப்ரல் சம்பளத்துடன் தரவும்."

சம்பளமே இல்லாத மாதத்தில் இஎஸ்ஐ, பி.எஃப். பங்களிப்பும் கட்டப்படாது. ஏப்ரல் அப்படித்தான் போகும். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை வேலை பார்த்தால் 78 நாள் தாராளமாக வந்துவிடும். அடுத்த ஜனவரி–ஜூன் காலத்துக்கான தகுதி கெடாது.

வீட்டிலிருந்து கணக்கு, அப்புறம் அந்த ராஜினாமா

வேலை செய்ய முடியாது என்று சான்று வாங்கிக்கொண்டு, அதே நாளில் மடிக்கணினியைத் திறந்து ஆண்டுக் கணக்கை முடிப்பது உங்களுக்கே எதிராகத் திரும்பும். வேலை செய்த நாளுக்கு இஎஸ்ஐ பணம் இல்லை. அதை மறைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பொய்யான வாக்குமூலம் ஆகிவிடும். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலிலும் கோப்பிலும் நேரம் பதிந்திருக்கும். இதில் இன்னொரு கொடுமை, அந்த நாட்களை லாஸ் ஆஃப் பே-யிலேயே வைத்துவிட்டு வேலையையும் வாங்கிக்கொள்வது. சம்பளமும் போய், இஎஸ்ஐ-யும் போய், முதுகு வலியும் கூடும். ஏதாவது ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று போனில் கேட்டால் சொல்லலாம், அதில் தவறில்லை. வேலையாகச் செய்யச் சொன்னால், "மருத்துவச் சான்றின்படி மே 1 வரை பணி செய்ய இயலாது" என்று எழுத்தில் பதில் போடுங்கள்.

ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பச் சேர்த்துக்கொள்வோம் என்று அவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நோய்க்காலப் பணப்பயன் வாங்கும்போதும், சான்றுள்ள நோயால் வராமல் இருக்கும்போதும் ஊழியரை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ முதலாளிக்கு அனுமதி இல்லை. அந்தக் காலத்தில் கொடுக்கும் வேலைநீக்க நோட்டீஸ் செல்லாது. இந்தப் பாதுகாப்பு என்றென்றைக்கும் இல்லை; பொதுவான நோய்களில் தொடர்ந்து ஆறு மாதம் தாண்டினால் முறையான நோட்டீஸ் கொடுத்து விடுவிக்க விதியில் இடம் உண்டு. நீங்கள் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. ஆனால் ராஜினாமா என்பது நீங்களாகவே போவது. அந்தப் பாதுகாப்பு அதோடு முடிந்தது.

நீங்கள் யோசிக்காத ஒரு நஷ்டமும் அதில் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும். நோயால் வராமல் இருந்த நாட்கள் அந்தத் தொடர்ச்சியை உடைக்காது என்று சட்டமே சொல்கிறது. ராஜினாமா செய்து, ஜூனில் புதிதாகச் சேர்ந்தால் உங்கள் நான்கு ஆண்டும் போய், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கூடவே இன்னொன்று: டிஸ்க் விலகல், நீண்டகால நோய்களுக்கான இஎஸ்ஐ பட்டியலில் இருக்கிறது. ஒருவேளை மே மாதத்திலும் சரியாகாமல் நீண்டு 91 நாளும் தீர்ந்தால், நீட்டிக்கப்பட்ட பணப்பயன் கேட்கலாம். அது 80 சதவீதம், உங்களுக்கு நாளுக்கு 480 ரூபாய்; முதலில் 124 நாள், மருத்துவ பரிசோதனைக்குப் பிறகு 309 நாள் வரை நீளும். அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியான காப்பீட்டு வேலையும், கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் தேவை. இப்போது உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

அலுவலகத்தில் 21,000-க்கு மேல் வாங்கும் தோழி யாராவது இதைப் படித்தால், அவருக்கு இஎஸ்ஐ வழி இல்லை. 12 நாள் மருத்துவ விடுப்பு, தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, அப்புறம் அவர் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது. அவர் தன் ஈட்டிய விடுப்பைச் சின்னச் சின்ன ஊர்ப்பயணத்துக்குக் கரைக்காமல் இருப்பது நல்லது.

மே 2 வெள்ளிக்கிழமை வேலைக்குப் போவதற்கு முன், இஎஸ்ஐ டாக்டரிடம் இறுதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வேலைக்குத் தகுதி என்று எந்தத் தேதி போட்டிருக்கிறதோ, அன்றுதான் போய்ச் சேர வேண்டும். ஒருநாள் முன்னாலேயே போய்க் கையெழுத்துப் போட்டால் அந்த நாளுக்குப் பணப்பயன் இல்லை. ஒருநாள் தாமதமாகப் போனால் அந்த நாளுக்கு எந்தச் சான்றும் இல்லை. தனியார் டாக்டரின் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டையும் நிறுவனம் கேட்கலாம். கொடுங்கள், ஆனால் இரண்டிலும் தேதி ஒன்றாக இருக்கட்டும். கனமான கோப்புகளைத் தூக்கக் கூடாது, தொடர்ந்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னால் அதையும் அந்தச் சான்றிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ராஜினாமாவையோ வேலைநீக்கத்தையோ பற்றி அதற்குள் ஏதாவது தாள் வந்தால், பதில் எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.